80 நாற்காலி, 150 பதிவு, 97 பேர்: ஓர் இலவசப் பயிற்சியின் வருகைக் கணக்கு

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தே கால் மணிக்கு எங்கள் மாடித்தோட்டப் பயிற்சியின் கையெழுத்து நோட்டில் 81-ஆவது பெயர் விழுந்தது. மண்டபத்தில் இருந்ததோ 80 நாற்காலி. அப்புறமும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தாம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அம்பத்தூர் வரை வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போனை என் முன்னால் நீட்டினார். "இங்க பாருங்க தம்பி, 'உங்கள் இடம் உறுதி'ன்னு நீங்கதானே அனுப்பினீங்க?"

நாங்கள்தான் அனுப்பியிருந்தோம். 150 பேருக்கு.

பதினொரு மணிக்கு எண்ணியபோது 97 பேர். மேடைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த 10 நாற்காலிகளை இழுத்துப் போட்டோம். அதற்கு மேல் போட்டால் நடைபாதை அடைபட்டுவிடும். மண்டபக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆக, ஏழு பேர் நின்றார்கள். கடைசியாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். தூரத்திலிருந்து வருபவர்கள்தான் கடைசியாக வருவார்கள், அதனால் அதை விட்டுவிட்டு மைக்கில் கேட்டோம்: "பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது அடுத்த பயிற்சிக்கு வர முடியுமா? இன்றைக்கே கிட் தருகிறோம், அடுத்த முறை முதல் வரிசையில் இடம்." பதினொரு பேர் எழுந்தார்கள். இது எங்கள் சொந்த யோசனை இல்லை. விமானத்தில் இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டால் யாரையும் கட்டாயமாக இறக்காமல், விலை சொல்லி விருப்பமுள்ளவர்களை விலகச் சொல்லலாம் என்று ஜூலியன் சைமன் என்ற பொருளியலாளர் 1968-இல் எழுதினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1978-இல், அமெரிக்காவில் அது விதியாகவே வந்தது. விமானக் கம்பெனி தரும் பணத்துக்குப் பதிலாக எங்களிடம் இருந்தது இரண்டு க்ரோ பேக், ஒரு கோகோபீட் கட்டி, ஐந்து விதைப் பாக்கெட். அது போதுமாக இருந்தது.

மீதி 86 பேர் உட்கார்ந்தார்கள். சாப்பாடு 90 பொட்டலம் சொல்லியிருந்தோம். மிஞ்சிய நான்கை நாங்கள் ஆறு பேர் பகிர்ந்து சாப்பிட்டோம். பெரிய விபரீதம் ஒன்றும் நடக்கவில்லைதான். ஆனால் 150 என்ற எண்ணை நான்தான் போட்டேன், அது எங்கே தப்பியது என்று பார்க்காமல் விட மனம் வரவில்லை.

150 எங்கிருந்து வந்தது

அதற்கு முன் இரண்டு ஆண்டுகளில் ஆறு பயிற்சிகள் நடத்தியிருந்தோம். கணக்கு இது:

| பயிற்சி | பதிந்தவர் | வந்தவர் | வருகை |
|---|---|---|---|
| 1 | 60 | 37 | 62% |
| 2 | 72 | 35 | 49% |
| 3 | 85 | 56 | 66% |
| 4 | 64 | 23 | 36% |
| 5 | 90 | 49 | 54% |
| 6 | 78 | 44 | 56% |

மொத்தம் 449 பதிவு, 244 வருகை. அதாவது 54 சதவீதம். 80-ஐ 0.54-ஆல் வகுத்தால் 148. சரி, 150 என்று வைத்துக்கொண்டேன். இலவச நிகழ்ச்சி நடத்தும் பலரும் போடும் கணக்கு இதுதான்: "பாதிப் பேர்தான் வருவாங்க, இரண்டு மடங்கு வாங்கிடு."

இந்த அட்டவணை இப்போதுதான் சுத்தமாகியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய ஷீட்டில் ஒரே போன் நம்பர் இரண்டு முறை பதிந்திருந்தது, வீட்டுக்கு இருவராக வந்தவர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் தப்பு பதிவு எண்ணிக்கையை ஊதிவிடும், இரண்டாவது வருகையை ஊதிவிடும். எங்கள் விஷயத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் சதவீதம் பெரிதாக மாறவில்லை. அது அதிர்ஷ்டம்தான். போன் நம்பரை வைத்து ஒருவரை ஒரு முறை மட்டும் எண்ணுவது, பதியாமல் வந்தவரைத் தனிப் பத்தியில் எழுதுவது, இரண்டையும் செய்யாமல் விகிதம் போடுவதில் அர்த்தமில்லை.

முதல் தவறு வகுத்தலிலேயே இருக்கிறது. சராசரியால் வகுத்தால், சராசரியாக 80 பேர் வருவார்கள் என்றுதான் பொருள். அதாவது ஏறக்குறைய பாதி முறை 80-க்கு மேல் வருவார்கள். சராசரி ஆழம் நாலடி என்று கேட்டு ஆற்றில் இறங்கிய கதை.

எவ்வளவு ஆடும்?

சராசரியைச் சுற்றி வருகை எவ்வளவு மேலும் கீழும் போகும் என்பதுதான் அடுத்த கேள்வி. பாடப்புத்தகக் கணக்கு ஒவ்வொருவரையும் தனித்தனி நாணயமாகப் பார்க்கும்: 150 நாணயம், ஒவ்வொன்றும் 54 சதவீத வாய்ப்பில் தலை விழும். அப்படிப் பார்த்தால் 81 பேரை எதிர்பார்க்கலாம், வழக்கமான ஏற்ற இறக்கம் 6 பேர் அளவில்தான். 97 பேர் வருவது சில நூறு முறைக்கு ஒரு முறை நடக்கக்கூடிய அதிசயமாகத் தெரியும்.

அட்டவணையைப் பார்த்தால் அது அதிசயமில்லை என்று புரியும். விகிதம் 36-லிருந்து 66 வரை ஆடியிருக்கிறது. காரணம், வருவதும் வராததும் ஆளுக்கு ஆள் தனித்தனியாக முடிவாவதில்லை. மழை பெய்தால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் பெய்கிறது. மூன்றாவது பயிற்சியில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கூட்டமாகப் பதிந்திருந்தார்கள். ஒருவர் கிளம்பினால் பக்கத்து வீடும் கிளம்பும். நான்காவது பயிற்சி ஆவணி மாதத்து முகூர்த்த ஞாயிறு. பதிந்தவர்களில் கணிசமானோர் அன்றைக்கு ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் இருந்திருப்பார்கள்.

இந்த ஒட்டுமொத்த ஆட்டத்தை அளக்க ஒரு சிறிய கணக்கு உண்டு. ஆறு விகிதங்களின் திட்ட விலக்கம், அதாவது அவை சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 0.106. அதன் வர்க்கம் 0.0113. இதில் நாணயம் சுண்டுவது போன்ற தற்செயலின் பங்கு, 75 பேர் அளவிலான நிகழ்ச்சிக்கு, ஏறக்குறைய 0.25-ஐ 75-ஆல் வகுத்தது, அதாவது 0.0033. அதைக் கழித்தால் 0.008; வர்க்கமூலம் எடுத்தால் 0.09. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி விகிதமே 9 புள்ளி ஆடுகிறது என்று பொருள். இதையும் சேர்த்தால் 150 பதிவுக்கு ஏற்ற இறக்கம் 6 பேர் இல்லை, 15 பேர். அப்போது 97 என்பது ஏழு முறைக்கு ஒரு முறை நடக்கக்கூடிய சாதாரண விஷயம். எங்களுக்கு அது ஏழாவது பயிற்சி என்பது தற்செயல்தான், ஆனாலும் சிரிப்பு வந்தது.

விமானக் கம்பெனிகளின் சூத்திரத்தை அப்படியே எடுக்க முடியாததும் இதனால்தான். அவர்களிடம் அதே தடத்தில் ஆயிரக்கணக்கான பயணங்களின் பதிவு இருக்கிறது, பயணி காசு கட்டியிருக்கிறார். எங்களிடம் ஆறு வரிசை, பதிந்தவருக்கு நஷ்டம் எதுவுமில்லை. நஷ்டமே இல்லாத பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2020 ஜூன் 20 அன்று டல்சா நகரில் நடந்த டிரம்ப் பிரசாரக் கூட்டம் உதாரணம். இலவச டிக்கெட்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கோரிக்கைகள் வந்ததாகச் சொன்னார்கள். அரங்கம் சுமார் 19,000 பேருக்கானது. உள்ளே ஸ்கேன் ஆன டிக்கெட்டுகள் தீயணைப்புத் துறையின் கணக்கில் ஏறக்குறைய 6,200. டிக்டாக்கில் இளைஞர்கள் வராமலிருக்கவே பதிந்தார்கள் என்பது ஒரு பக்கம். உச்சவரம்பே வைக்காமல் பதிவை வாங்கி அந்த எண்ணைக் கூட்டமாக நம்பியது இன்னொரு பக்கம்.

ஒரு காலி நாற்காலி, ஒரு நிற்கும் ஆள்

எவ்வளவு கூடுதலாகப் பதியலாம் என்பதை விகிதம் மட்டும் தீர்மானிக்காது. காலி நாற்காலி எவ்வளவு வலிக்கும், நாற்காலி இல்லாத ஆள் எவ்வளவு வலிக்கும் என்று ஒப்பிட வேண்டும்.

எங்களுக்குக் காலி நாற்காலியின் நேரடிச் செலவு ஒரு சாம்பார் சாதப் பொட்டலம், 80 ரூபாய். கிட் கெட்டுப்போகாது, அடுத்த முறைக்கு ஆகும். ஆனால் பதிவு முடிந்துவிட்டது என்று யாரோ ஒருவரைத் திருப்பியிருப்போம், அவர் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அது. அதனால் வெறும் 80 ரூபாய் என்றும் சொல்ல முடியாது. மறுபக்கம், ஞாயிறு காலை இரண்டு பஸ் மாறி வந்து நிற்பவர். அவர் இனி வரமாட்டார், தன் வாட்ஸ்அப் குழுவிலும் சொல்வார். குழுவில் பேசி, நிற்கும் ஓர் ஆள் நான்கு காலி நாற்காலிக்குச் சமம் என்று முடிவு செய்தோம். இது கணக்கில் வராத, உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் எண்ணாகச் சொன்ன பிறகுதான் வாதம் அடங்கியது.

நான்குக்கு ஒன்று என்றால் விதி எளிது. இன்னும் ஒரு பதிவைச் சேர்க்கும்போது, இடம் இருந்தால் ஒன்று லாபம், இல்லாவிட்டால் நான்கு நஷ்டம். எனவே கூட்டம் நிரம்பி வழியும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றைத் தொடும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஷீட்டில் A2-இல் பதிவு எண்ணிக்கையைப் போட்டு இப்படி எழுதினேன்:

```
=A2*0.54 + 0.84*SQRT(A2*0.54*0.46 + (A2*0.09)^2)
```

ஐந்தில் ஒரு முறை மட்டும் தாண்டக்கூடிய கூட்டம் எவ்வளவு என்று இது சொல்லும். 0.84 என்பது அந்த ஐந்தில் ஒன்றுக்கான எண். பத்தில் ஒன்று வேண்டுமென்றால் 1.28. A2-ஐக் கூட்டிக் குறைத்து, விடை 80-ஐ ஒட்டி வரும் இடத்தைத் தேட வேண்டும். 150 போட்டால் 93 வருகிறது. 128 போட்டால் 79.9. ஆக, 128. மேடைக்குப் பின்னாலிருக்கும் பத்தையும் போட்டால் 90 நாற்காலி உண்டு என்பதையும் பார்த்தோம். 128 பதிவுக்கு 90-ஐத் தாண்டும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு.

சூத்திரம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: சராசரியை விட்டுவிட்டு இதுவரை பார்த்ததில் அதிகமான விகிதத்தால் வகுக்கலாம். 80-ஐ 0.66-ஆல் வகுத்தால் 121. பத்தில் ஒரு முறை என்று கண்டிப்பாகப் போட்டால் சூத்திரமும் 120-ஐத்தான் தருகிறது. ஐந்தாறு நிகழ்ச்சி நடத்தியவருக்கு இது போதும். இருபது முப்பது ஆனபின், என்றோ ஒரு நாள் வந்த உச்சத்தையே பிடித்துக்கொண்டால் மண்டபம் எப்போதும் காலியாகக் கிடக்கும்.

கடைசி மூன்று நாள்

இத்தோடு விட்டிருந்தால், "ஏழில் ஒன்று, அன்றைக்கு நடந்துவிட்டது" என்று நானும் தேற்றிக்கொண்டிருப்பேன். குழுவில் இருக்கும் தங்கை ஒருவர்தான் கூகுள் ஃபார்மின் நேரப் பத்தியை வைத்து 150 பேரையும் பிரித்துப் பார்த்தார். "அண்ணா, இதைப் பாருங்க" என்று அனுப்பியது இது. பதிவு திறந்த முதல் வாரத்தில் பதிந்தவர்கள் 68 பேர், வந்தவர்கள் 36. நடுவில் பதிந்தவர்கள் 44, வந்தவர்கள் 28. கடைசி மூன்று நாளில் பதிந்தவர்கள் 38, வந்தவர்கள் 33.

கடைசி மூன்று நாள் ஆட்களில் 87 சதவீதம் வந்திருக்கிறார்கள். முந்தைய ஆறு பயிற்சிகளிலும் கிட் வாங்குவதற்காக ஒரு வாரம் முன்பே ஃபார்மை மூடிவிடுவோம். இந்த முறை கிட் கையிருப்பில் இருந்ததால் முந்தின நாள் ராத்திரி வரை திறந்து வைத்தோம். அதாவது பழைய 54 சதவீதத்தில் இந்த வகை ஆட்கள் ஒருவர்கூட இல்லை. நான் ஒரு கூட்டத்தின் விகிதத்தை எடுத்து வேறொரு கூட்டத்துக்குப் போட்டிருக்கிறேன். ஒரு மாதம் முன்னால் பதிபவர் "அன்னைக்கு ஃப்ரீயா இருந்தா பார்ப்போம்" என்று பதிகிறார். வெள்ளிக்கிழமை பதிபவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று ஏற்கெனவே தெரியும்.

அந்த 38 பேரை நீக்கினால் மீதி 112 பேரில் 64 பேர் வந்திருக்கிறார்கள், 57 சதவீதம். பழைய 54-ஐவிட இதுவும் சற்று அதிகம்தானே என்று தோன்றும். அதற்கும் விடை அட்டவணையிலேயே இருக்கிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது. முகூர்த்த நாளில் மாட்டிய நான்காவது பயிற்சியை எடுத்துவிட்டுப் பார்த்தால் பழைய விகிதம் 385-க்கு 221, அதுவும் 57.

எந்த நாளைக் கணக்கிலிருந்து எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பதில் கவனம் வேண்டும். முகூர்த்தத்தைத் தினசரிக் காலண்டரைக் கிழிக்காமலே முன்கூட்டிப் பார்க்கலாம், அதனால் அதைத் தனியாக வைப்பது நியாயம். அன்று காலை பெய்யும் மழையை அப்படி எடுக்க முடியாது. பதிவு திறக்கும் நாளில் அது நமக்குத் தெரியாத ஒன்று. அது ஆட்டத்துக்குள்தான் இருக்க வேண்டும். நடந்து முடிந்தபின் காரணம் கண்டுபிடித்து ஒவ்வொரு மோசமான நாளையும் நீக்கினால், விகிதம் அழகாக இருக்கும், மண்டபத்தில் ஆட்கள் நிற்பார்கள்.

முகூர்த்தமில்லாத ஐந்து பயிற்சிகளை மட்டும் வைத்துச் சூத்திரத்தைத் திரும்பப் போட்டேன். விகிதம் 57-ஆக ஏறுகிறது, ஆட்டம் 9-லிருந்து 3.5 புள்ளிக்குக் குறைகிறது. விடை 129. முன்பு வந்தது 128. ஏறியது ஒரு பக்கம் இழுக்க, குறைந்தது மறு பக்கம் இழுத்து அதே இடத்தில் வந்து நின்றது. ஐந்து வரிசையை வைத்து 3.5 என்று சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான் என்பதால் 128-ஐயே வைத்துக்கொண்டோம்.

எட்டாவது பயிற்சி

அடுத்தது புரட்டாசி ஞாயிறு, அதே மண்டபம், முகூர்த்தம் இல்லை. 128-இல் ஃபார்மை மூடி, அதற்கு மேல் வந்தவர்களைக் காத்திருப்புப் பட்டியலில் போட்டோம். உறுதிச் செய்தியையும் மாற்றினோம். "உங்கள் இடம் உறுதி" என்பது போய், "பதிவு ஏற்கப்பட்டது, புதன்கிழமை கேட்போம், அப்போது பதில் சொல்லுங்கள்" என்றானது. ஆடியில் அந்த ஆசிரியை போனை நீட்டியபோது பதில் சொல்ல முடியாமல் நான் விழித்தது அந்தப் பழைய வாக்கியத்தைப் பார்த்துத்தான்.

புதன்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி: வருவதாக இருந்தால் 1, இல்லையென்றால் 2. முகவுரை, வாழ்த்து எதுவும் வைக்கவில்லை. வியாழன் இரவு வரை 61 பேர் 1 அனுப்பினார்கள். 19 பேர் 2. மீதி 48 பேர் வாய் திறக்கவில்லை.

இந்த மௌனத்தை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். பதில் சொல்லாதவர்களை நீக்கிவிடலாம் என்றார் ஒருவர். செய்தியைப் பார்க்காமலே நேராக வந்து நிற்கும் பெரியவர்கள் உண்டு என்பதால் நான் சம்மதிக்கவில்லை. முன் அனுபவம் இல்லாததால் உத்தேசமாக வைத்தோம்: 1 சொன்னவர்களில் 85 சதவீதம், மௌனிகளில் 30 சதவீதம். முறையே 52, 14, மொத்தம் 66. இன்னும் 14 இடம் இருக்கிறது. உத்தேச எண்கள் என்பதால் முழுவதையும் நிரப்பாமல், காத்திருப்புப் பட்டியலில் இருந்து 10 பேரை மட்டும் வெள்ளிக்கிழமை அழைத்தோம். அவர்களுக்குக் கடைசி மூன்று நாள் ஆட்களின் விகிதம்தான் பொருந்தும், எனவே எட்டோ ஒன்பதோ பேர். எதிர்பார்ப்பு 75. சாப்பாடு 78 சொன்னோம்.

வந்தது இப்படி: 1 சொன்னவர்களில் 51 பேர். மௌனிகளில் 12. பட்டியலில் இருந்து அழைத்தவர்களில் 9. பதியாமலே வந்தவர்கள் 3. "வரவில்லை" என்று 2 அனுப்பிவிட்டு வந்தவர்கள் 2. "ஊருக்குப் போறதா இருந்துச்சு சார், டிக்கெட் கிடைக்கல" என்றார் அவர்களில் ஒருவர். மொத்தம் 77. மூன்று நாற்காலி காலி. சாப்பாட்டில் ஒரு பொட்டலம் மிச்சம். எங்களுக்குத்தான் இந்த முறையும் சரியாகச் சொல்ல மறந்துவிட்டோம்.

75 எதிர்பார்த்து 77 வந்ததைச் சூத்திரத்தின் வெற்றி என்று நான் எழுத மாட்டேன். ஒரு முறை நெருங்கி வந்ததில் எதுவும் நிரூபணமாகாது. கிடைத்த லாபம் வேறு. 128 பேரில் 65 பேர்தான் வந்தார்கள், 51 சதவீதம், பழைய 57-ஐவிடக் குறைவு. ஆனால் வராதவர்களில் 17 பேரைப் பற்றி மூன்று நாள் முன்னதாகவே தெரிந்துவிட்டதால் அவர்கள் இடத்தை வேறு ஆட்களுக்குக் கொடுக்க முடிந்தது. மொத்த விகிதம் இனி எங்கள் ஷீட்டில் ஒரு வரிசையாகக்கூட இல்லை. 1 சொன்னவர், மௌனி, கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டவர் என்று மூன்று பத்திகள்தான். முன்பணம் நூறு ரூபாய் வாங்கி வாசலில் திருப்பித் தரலாம் என்ற யோசனையும் வந்தது. வருகை ஏறும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் போனில் பணம் அனுப்பத் தெரியாத அம்மாக்கள்தான் எங்கள் பயிற்சியில் பாதி, அவர்கள் பதியவே மாட்டார்கள் என்பதால் தள்ளி வைத்திருக்கிறோம்.

அடுத்தது தை மாதம். மண்டபம் கிடைத்திருக்கும் ஞாயிறு முகூர்த்த நாள். எங்களிடம் முகூர்த்த நாளுக்கு இருப்பது ஒரே ஒரு வரிசை, 64-க்கு 23. அதை நம்பி 80-ஐ 0.36-ஆல் வகுத்து 222 பேரைப் பதிய எனக்குத் தைரியம் இல்லை. 128-இல் மூடிவிட்டு, காத்திருப்புப் பட்டியலை மட்டும் நீளமாக வைத்து, புதன்கிழமை பதிலைப் பார்த்து அழைப்பதாக இருக்கிறோம்.